பெருக்கினால் மூன்று வருகிறது

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அவளுக்குக் கறார் மேடம் என்று பெயர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவள். சரியாகத் துடைக்காத கரும்பலகை, ஏடு படிந்த டீ, படிகள் இல்லாத விடை, மூன்றையும் ஒரே முகச்சுளிப்போடு பார்ப்பாள். "மத்தவங்களுக்குக் கோபம் வரும், உனக்குக் குமட்டல்தான் வருது" என்பார் வீட்டுக்காரர். அதில் பொய் இல்லை.

அன்று காலை தலைமைத் திருத்துநர் ‘கீ’ எனப்படும் மாதிரி விடையைக் கையில் கொடுத்தார். அதை வைத்துத்தான் எல்லோரும் மதிப்பெண் போட வேண்டும். கேள்வி எளிது. மேல் நிரையில் 2, 1. கீழ் நிரையில் 1, 2. இந்த அணியின், அதாவது மேட்ரிக்ஸின், ஐகன் மதிப்புகள் என்ன? சில திசைகளை அணி திருப்பாது. நீட்டவோ சுருக்கவோ மட்டும் செய்யும். எத்தனை மடங்கு என்பதுதான் ஐகன் மதிப்பு. இதற்கு 3, 1.

மாதிரி விடையோ வேறு கதை சொன்னது. கீழ் நிரையிலிருந்து மேல் நிரையின் பாதியைக் கழி. கீழே 0, 1.5 வரும். மூலைவிட்டத்தில் நிற்கும் 2, 1.5 தான் விடை.

வகுப்பில் ஆண்டு முழுக்கத் தொண்டை கிழிய எதைச் செய்யாதே என்று கத்துகிறாளோ, அதையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு வந்த விடைத்தாள் கட்டின் முதல் தாள் அழகான கையெழுத்து. 3, 1 என்று படிப்படியாகப் போட்டிருந்தது. மாதிரி விடைப்படி அதற்குச் சுழி போட வேண்டும். போட்டால் மொத்தம் குறைந்து அந்தப் பிள்ளை தேறாது.

தாளோடு தலைமைத் திருத்துநரின் மேசைக்குப் போனாள்.

"சார், கீ தப்பு."

"சரிபார்த்துட்டேன் மேடம். ஐகன் மதிப்புகளைப் பெருக்கினா டிடெர்மினன்ட் வரணும், அது இங்க மூணு. ரெண்டையும் ஒன்றரையையும் பெருக்கினா மூணு வருது. அப்புறம் என்ன?"

"பெருக்கினா வரும். ஒரு ரோவுல இருந்து இன்னொரு ரோவோட பாதியைக் கழிச்சா டிடெர்மினன்ட் மாறாது. கூட்டிப் பாருங்க, மூலைவிட்டத்தோட கூட்டலும் ஐகன் மதிப்புகளோட கூட்டலும் ஒண்ணா இருக்கணும். மூலைவிட்டம் ரெண்டும் ரெண்டும் நாலு. உங்க விடையைக் கூட்டினா மூன்றரை."

அவர் பேனா மூடியைத் திருகினார். "கீழ ஜீரோ வந்துட்டா அது முக்கோண மேட்ரிக்ஸ், அதுக்கு மூலைவிட்டம்தானே ஐகன் மதிப்பு?"

"அந்த முக்கோண மேட்ரிக்ஸுக்கு. ஆனா கேட்டிருக்கிறது கேள்வியில இருக்கிற மேட்ரிக்ஸுக்கு."

அவர் மேசைமேல் கிடந்த தாளிலேயே எழுதிக் காட்டினாள். (1, 1) என்ற வெக்டரைக் கேள்வியின் அணி (3, 3) ஆக்குகிறது. அதே திசை, மும்மடங்கு. கீழே 0, 1.5 என்று குறைத்த அணி அதை (3, 1.5) ஆக்குகிறது, திசையே திரும்பிவிட்டது.

"ரோவுல கை வச்சா வெளிய வர்ற வெக்டர் மட்டும் மாறும். உள்ள போறது அப்படியே இருக்கும். ரெண்டும் ஒரே திசையில இருக்கணும்கிறதுதான் சார் விஷயமே. இன்னும் குறைச்சுக்கிட்டே போங்க, மூலைவிட்டத்துல ஒண்ணு, மத்த இடத்துல ஜீரோன்னு யூனிட் மேட்ரிக்ஸ்ல வந்து நிக்கும். அப்போ நேர்மாறு இருக்கிற எல்லா மேட்ரிக்ஸுக்கும் ஐகன் மதிப்பு ஒண்ணுதானா? லாம்டாவை, அதான் ஐகன் மதிப்பைக் கண்டுபிடிச்சு, மூலைவிட்டத்துல கழிச்ச அப்புறம் குறைச்சா வெக்டர் கிடைக்கும், அது சரி. முன்னாடியே குறைக்கிறதுதான் கோளாறு."

அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்ததிலேயே தெரிந்தது. தவறு யாருக்கும் வரும், அதற்காக அவள் அருவருக்கவில்லை. அடுத்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் சகிக்கவில்லை.

"கீ எல்லா மையத்துக்கும் போயாச்சு மேடம். இப்ப மாத்தினா என் பேரு கெட்டுடும். ரெண்டு விடைக்கும் முழு மார்க் போடச் சொல்லிடறேன். நீங்க கொண்டு வந்த தாள்காரப் பிள்ளையும் பாஸ். யாருக்கு நஷ்டம்?"

பக்கத்து மேசைக்காரர்கள் தலையாட்டினார்கள். சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அவள் எவ்வளவோ வாதாடினாள்; சுவரோடு பேசியது போல்தான் இருந்தது. திரும்பி வந்து அழகான கையெழுத்துக்கு முழு மதிப்பெண் போட்டாள். அடுத்த தாளில் 2, 1.5. அதற்கும் அதே மதிப்பெண் போட்டாள். எச்சில் தட்டைத் தொட்டதுபோல் கை கூசியது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்பில் அதே பாடம் வந்தது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். கெட்டிக்காரப் பெண்.

"மேடம், இவ்வளவு நீளமா எதுக்கு? முதல்லயே குறைச்சுட்டா மூலைவிட்டத்துல வந்துடுதே. போன வருஷக் கீயில அப்படித்தான் இருக்கு. எல்லார் போன்லயும் இருக்கு மேடம்."

கறார் மேடம் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் கையில் சாக்பீஸைக் கொடுத்து (1, 1) ஐ இரண்டு அணியாலும் பெருக்கச் சொன்னாள். பெண் பெருக்கினாள். பலகையைப் பார்த்தாள். மறுபடி பெருக்கினாள்.

"ஆமா மேடம், திசை மாறிடுது. கீ தப்புதான்."

ஒரு கணம் கறார் மேடத்துக்கு மனம் குளிர்ந்தது. பெண் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தாள். கைத் தூசியைத் தட்டிக்கொண்டே, விளையாட்டாக இல்லாமல், உண்மையாகவே கேட்டாள்.

"அப்போ பரீட்சையில எதை எழுதறது மேடம்?"