பிரிச்சுப்போடு அக்காவின் எட்டு

மாணவர்கள் போனில் படம் பிடித்து அனுப்பும் கணக்குகளுக்கு விடை எழுதும் அலுவலகம் அது. முப்பது மேசைகள், முப்பது கணினிகள், திறக்கவே முடியாத ஜன்னல்கள். மூன்றாவது வரிசையில் உட்காரும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணை எல்லோரும் ‘பிரிச்சுப்போடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்த பெயர் எதுவென்று சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும்.

காரணம் இல்லாமல் வந்த பட்டமல்ல. இரண்டு வளைவரைகளுக்கு இடையிலுள்ள பரப்பைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சில் தொகையிட்டுவிடுவார்கள். நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, மேலே இருந்தது கீழே போயிருக்கும். ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல் என்று அடிபட்டு விடை பூஜ்யம் வரும். கண்ணெதிரே இரண்டு வயல் அளவு இடம் இருக்க, பரப்பு பூஜ்யமாம்! “வெட்டுற இடத்துல பிரிச்சுப் போடுங்க” என்று ஒன்பது வருடமாக எழுதி எழுதி அவளுக்கு விரல் தேய்ந்துபோயிருந்தது.

அவள் வேலை பார்த்த பள்ளியை இழுத்து மூடிய பிறகு கிடைத்த இடம் இது. வீட்டில் படுக்கையோடு இருக்கும் கணவர். இங்கே மாதத்தில் மூன்று தப்பு நிரூபணமானால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதுதான். இந்த மாதம் ஏற்கனவே இரண்டு ஆகியிருந்தது. 

செவ்வாய்க்கிழமை ஒரு படம் வந்தது. அனுப்பியவள் துணிக்கடையில் வேலை செய்துகொண்டே தனியாகத் தேர்வு எழுதும் பெண். போன முறை மூன்று மதிப்பெண்ணில் கோட்டை விட்டவள். மாதிரித்தாளில் y = x³ என்ற வளைவரையும் y = 4x என்ற கோடும். –2, 0, 2 ஆகிய மூன்று இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. சாம்பல் நிறமிட்ட பகுதியின் பரப்பு என்ன என்பது கேள்வி. இருபுறமும் சாம்பலாகத் தெரிந்தது.

அக்காவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வலப்பக்கம் கோடு மேலே: 0 முதல் 2 வரை 4x – x³ஐத் தொகையிட்டால் 8 – 4, அதாவது 4. இடப்பக்கம் வளைவரை மேலே: –2 முதல் 0 வரை x³ – 4x, அதுவும் 4. மொத்தம் 8. நான்கே நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்.

உடனே கேள்வி வந்தது. “மேடம், பின்னாடி விடைல 4ன்னு போட்டிருக்கே?”

“அச்சுல தப்பு. ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுக் கூட்டணும். தைரியமா 8ன்னு எழுதுங்க” என்று பதில் போட்டாள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை அதே பெண்ணிடமிருந்து அதே மாதிரித்தாளின் வேறொரு படம், வெளிச்சத்தில் எடுத்தது. “மேடம், இன்னைக்குப் பரீட்சைல இதே கணக்கு, இதே எண்கள். உங்களை நம்பி 8ன்னு எழுதிட்டேன். வெளிய வந்து எல்லாரும் 4ன்னு சொல்றாங்க. அஞ்சு மார்க் மேடம்.” கூடவே புகார் மணியும் அடித்தது.

புதுப் படத்தில் வலப்பக்கம் மட்டுமே சாம்பல். இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முதல் படத்தில் அங்கே விழுந்திருந்தது போனைப் பிடித்த கையின் நிழல்.

புகார்களைச் சரிபார்ப்பவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “அட, இதுக்கா முகம் வெளுத்துப் போச்சு? படம் தெளிவில்லைன்னு ஒரு தட்டு தட்டுங்கக்கா. தப்பு உங்க கணக்குல ஏறாது.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் பழைய படத்தைப் பெரிதாக்கி, மெல்லக் கீழே தள்ளினாள். படத்துக்கு அடியில், ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: x ≥ 0 மட்டும். மங்கல் இல்லை, கிழிசல் இல்லை, பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு அவள் அதுவரை இறங்கிப் பார்க்கவே இல்லை. வெட்டும் புள்ளிகளைக் கண்டதும் கை தானாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம் கண்ணைக் கட்டிவிட்டது. அவமானத்தில் காது மடல் சுட்டது.

சரிபார்ப்பவர் அந்த வரியைப் பார்க்கவில்லை. இனி யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டுக் கட்டிலை ஒருமுறை நினைத்துக்கொண்டாள். ‘படம் தெளிவில்லை’ என்ற கட்டத்தைத் தட்டினாள்.

கணினி தன் பாட்டுக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பியது: இனிமேல் வெளிச்சத்தில், தெளிவாகப் படம் எடுத்து அனுப்பவும்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. “மன்னிச்சுக்கோங்க மேடம். கடைல ஒளிஞ்சு நின்னு அவசரத்துல எடுத்தது. தப்பு என்னோடதுதான். உங்களை வேற சங்கடப்படுத்திட்டேன்.”

அக்கா பதில் பெட்டியில் தட்ட ஆரம்பித்தாள்: ‘இல்லம்மா, x ≥ 0ன்னு போட்டிருந்துச்சு, நான்தான் படிக்கல.’ அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இந்தக் கேள்வி முடிக்கப்பட்டுவிட்டது, இனி உங்கள் பக்கத்திலிருந்து எதுவும் அனுப்ப முடியாது என்றது திரை.