மசக்கைக்குக் கேட்ட வாசனை

“ஜூன் 12, வியாழன். மாலை ஆறேகால். உள்ளே நுழைந்ததும் என் சட்டைக் காலரை மோந்து பார்த்தாள். ‘இன்னைக்கு என்ன வண்டி?’ என்றாள். வெள்ளைக் கார் என்றேன். ‘நல்லா இருக்கு’ என்றாள். சாப்பிடவில்லை.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நல்லா இருக்கு என்று என் மனைவி சொன்னது காரை அல்ல, சட்டையில் இருந்த, பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசனையை என்பது எனக்கு அன்று புரியவில்லை.

நான் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். பதினோரு வருடமாகிறது. குடியிருப்பது ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில், ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு குடித்தனங்கள் உள்ள வீட்டில். அப்போது என் மனைவிக்கு மூன்றாம் மாதம். கடுகு தாளித்தால் வாந்தி, சோறு கொதித்தால் வாந்தி. அவளுக்குப் பிடித்த மல்லிகைப் பூவைக்கூட வெளியே வைக்கச் சொன்னாள். அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் வண்டிக்குப் போட்டு முடித்த பிறகும், “ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வரிசையில் ஒரு வேனுக்கு டீசல் போட்டார்கள். உடனே மூக்கைப் பொத்தினாள்.

“டீசல் வேணாங்க. அது எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி குமட்டுது. பெட்ரோலும் உங்க சட்டையும்தான் நல்லா இருக்கு.”

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

“மசக்கைல கேட்டதை இல்லைன்னு சொல்லக் கூடாதுடா. பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்.”

“அது மாங்காய்க்குச் சொன்னதும்மா.”

“மாங்காய்க்கு மட்டும்தான்னு எங்க எழுதியிருக்கு? நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கறவனாச்சே, காட்டு பாப்போம்.”

காதில் சீழ் வடியும் என்பதை நான் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் நம் பிள்ளை என்று வரும்போது, ஒருவேளை இருந்துவிட்டால் என்று ஒரு எண்ணம். பெட்ரோல் தீப்பிடிக்கும், வீட்டில் வைக்கக்கூடாது என்று யோசித்தேன். தின்னரும் அப்படியே தீப்பிடிக்கும் என்று பட்டறைச் சுவரில் சிவப்பில் எழுதியிருக்கிறது, எழுதியவனும் நான்தான். ஆனால் தினமும் கையில் புழங்குகிற பொருள் என்பதாலோ என்னவோ, அது ஆபத்தாகத் தோன்றவில்லை. ஜூன் 16, திங்கள்: தின்னரில் நனைத்த பஞ்சுத் துணியை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கிக் கொண்டுவந்தேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று மருந்துபோல் சொல்லிக் கொடுத்தேன்.

19ஆம் தேதி, வியாழக்கிழமை, ஆறரைக்கு வந்தேன். பக்கத்துக் குடித்தனத்தில் மீன் குழம்பு வைத்ததால் எங்கள் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. மனைவி தரையில் பாயில் படுத்திருந்தாள். தலைமாட்டில் பாட்டில், மூடி இல்லாமல். எழுந்திருக்க முயன்றவள் தள்ளாடி என் தோளைப் பிடித்தாள். தலை வலிக்கிறது, சுற்றுகிறது என்றாள். அம்மாவும் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று நினைத்து இளநீர் வாங்கக் கிளம்பினேன். மீன் குழம்பு வைத்த அக்கா எங்கள் வாசலில் வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன தம்பி, வீட்டுக்குள்ளயே காருக்குப் பெயிண்ட் அடிக்கறீங்களா? நிக்க முடியல. ஐயையோ, சாமி விளக்கு வேற எரியுது!”

விளக்கை விரலால் அணைத்தேன். மனைவியை முற்றத்துக்குத் தூக்கிவந்து, ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரு குடுத்தது?”

“நான்தாங்க சொன்னேன். மசக்கைக்குக் கேட்டா” என்றாள் அம்மா.

“சார் என்ன வேலை?”

“கார் பெயிண்டருங்க.”

“பெயிண்டரா இருந்துக்கிட்டேவா! வேலைல மாஸ்க் போடுவீங்களா?”

“கர்ச்சீப் கட்டுவேங்க.”

“கர்ச்சீப் தூசிக்கு. ஆவிக்கு அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கரி வச்ச ஃபில்டர் மாஸ்க் போடணும். உங்களுக்கு வாசனை வரலைன்னா காத்துல இல்லைன்னு அர்த்தமில்ல. மூக்கு பழகிப்போச்சு, அவ்வளவுதான்.”

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும், பாயில் படுத்தவளுக்குத்தான் அதிகம் போயிருக்கும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். இரும்புச்சத்து மிகவும் குறைவு. கர்ப்பத்தில் இரும்புச்சத்து குறைந்த சிலருக்கு மண், சாம்பல் தின்னத் தோன்றுவதுபோல, சிலருக்குப் பெட்ரோல், பெயிண்ட் வாசனை மேல் ஏக்கம் வருவதுண்டாம்.

“அவங்க ஆசைப்பட்டது தப்பில்லம்மா. குடுத்ததுதான் தப்பு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். மூக்கிலிருந்து போகும் நரம்பு, நினைவும் உணர்ச்சியும் இருக்கும் மூளைப் பகுதிக்கு நேராகப் போகிறது. அதனால் சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் போன சந்தோஷம்கூட பெட்ரோல் வாசனையோடு ஒட்டிக்கொள்ளலாம். அது வாசனை. ஆவி வேறு: நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, மூளையைச் சற்று மந்தமாக்கி, லேசான மிதப்பைத் தருகிறது. அதையே சிலர் சுகம் என்கிறார்கள். அளவு கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், பல வருடம் சுவாசித்தால் நரம்பு கெடலாம். தின்னரில் இருக்கும் டொலுயீனைக் கர்ப்பிணிகள் நிறைய சுவாசித்தால் பிள்ளையின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது; சில மலிவுத் தின்னர்களிலும் அது கலந்திருக்கலாம். படித்து முடித்தபோது தெளிவு வரவில்லை. அவளுக்கு அது பிடித்தது ஞாபகத்தாலா, மிதப்பாலா, இரும்புக் குறைவாலா? மூன்று நாள் ‘நிறைய’ ஆகுமா?

அன்று டாக்டரிடமும் அதைத்தான் கேட்டேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

“கொஞ்ச நாள்தான். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா நிச்சயமா நான் சொல்ல முடியாது. அது என்ன தின்னர்? உள்ள என்னென்ன இருக்கு?”

“லூஸ்ல வாங்குறதுங்க. கேன்ல லேபிள் இருக்காது.”

மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

“அண்ணே, இதுல என்னண்ணே கலந்திருக்கு?”

“தின்னர்ல தின்னர்தான் இருக்கும். ஏன், பெயிண்ட் உரியுதா?”

“இல்லண்ணே, வீட்டுல அவங்க மோந்துட்டாங்க. டாக்டர் கேக்கறாங்க.”

அவர் முகம் மாறியது. டிரம் வந்த சீட்டைத் தேடினார். இடத்தின் பெயரும் வண்டி எண்ணும்தான் இருந்தன. அனுப்பியவருக்குப் போன் போட்டார். “எல்லாரும் போடறதுதான் போடறோம்” என்றது மறுமுனை. அந்த டிரம் அதற்குள் காலி. அடுத்த டிரம்மும் அதேதானா என்று கேட்டதற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

இப்போது லேபிள் ஒட்டிய டின்தான் வாங்குகிறோம். பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கேனில் தெரியக்கூடியவை மட்டும் என்பதையும் சொன்னார்கள். அவளுக்கு அந்த ஆசை போய்விட்டது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையால் போனதா, மசக்கை முடிந்ததால் போனதா, சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதும் இன்று அவளுக்கு எட்டாம் மாதம். ஜூன் 16 முதல் 19 வரை என் வீட்டில் இருந்த அந்தத் துணியில் பென்சீன் இருந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.