ப்ளீச்சிங் பவுடரில் வெளுத்த ஏப்ரன்கள்

காக்களூர் தொழிற்பேட்டையில் கேன்வாஸ் தைக்கும் ஒரு யூனிட்டில் கட்டிங் பார்க்கிறேன். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வோம்: பை தைக்க நானூறு, கூடாரத்துக்கு ஐந்நூறுக்கு மேல், குனிந்து நிமிர வேண்டிய ஏப்ரனுக்கு முந்நூற்று நாற்பது. கனத்தைத் தொட்டே சொல்லிவிடுவேன். துணியில் ஏற்றிய மருந்து மட்டும் கைக்குத் தெரியாது. அதனால்தான் கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பு ஆலைக்குப் போகவிருந்த ஏப்ரன் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தைக்கச் சொன்னேன்: தீ பரவாத மருந்து ஏற்றியது, ப்ளீச்சிங் பவுடரும் பார் சோப்பும் கூடாது, மருந்து போய்விடும்.

“லேபிள் தச்சுக்கினு இருந்தா லேட்டாவும்மா. தொவைக்க யாருக்குத் தெரியாது?” என்று முதலாளி சீட்டுகளை எடுத்துவிடச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சில மாதங்களில் அங்கே கிரைண்டிங் செய்தவரின் ஏப்ரனில் பொறி விழுந்து பற்றியது. தொடை வெந்துவிட்டது. துணி போலி என்று ஆலை மேனேஜர் கத்தினார். முதலாளி என்னை அனுப்பினார்.

“அவன் கவனமா இருந்திருக்கணும். உங்க துணியும் சரியில்ல” என்றார் மேனேஜர்.

துவைக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். டிரம் நிறைய ப்ளீச்சிங் பவுடர் கரைத்த உப்புத் தண்ணீர். ஏப்ரன்கள் வெளுத்துக் கிடந்தன.

“கறை போவலன்னு திட்றாங்கக்கா. போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே” என்றாள் துவைக்கிறவள்.

ஸ்டோரில் பிரிக்காமல் இருந்த ஏப்ரனில் ஒரு துண்டு, வெளுத்ததில் ஒரு துண்டு வெட்டினேன். முற்றத்தில் இடுக்கியால் பிடித்துத் தீ வைத்தேன். புதியது கருகி, தீயை எடுத்ததும் அணைந்தது. வெளுத்தது இடுக்கி வரை எரிந்தது.

மேனேஜர் அணைந்த துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, “அப்போ கூடாரத் துணிலயே தச்சுக் குடுங்க. நல்லா தடிமனா இருக்கும்” என்றார்.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. “இன்னா சார் பேசறீங்க? அதுல மெழுகு ஏத்திக்கீது. மழைக்குத்தான் ஆவும். பொறி பட்டா மெழுகே எரியும். சோப்பு, சுடுதண்ணி பட்டா அந்த மெழுகும் பூடும். பச்சத்தண்ணி ஊத்தி பிரஷ்ஷால தேய்க்கிற துணி அது. ஆளு மேல மாட்டுவீங்களா?”

வெளுத்தவை எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே ஒதுக்க வைத்தேன்.

யூனிட்டுக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். “துணி மேல தப்பில்லல்ல? அப்போ நாம தப்பிச்சோம்” என்றார்.

“சீட்ட எடுத்தது நாமதான். இனிமே சீட்டு இல்லாத ஏப்ரன நான் வெட்ட மாட்டேன்.”

அவர் முறைத்தார். நான் கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டு நின்றேன். மறுநாள் லேபிள் நாடா வந்தது.

தொடை வெந்தவரால் இன்னும் காலை மடக்கி உட்கார முடியவில்லையாம். முதலாளி மேல் இருக்கும் கோபத்தைவிட, அன்று வாய் திறக்காத என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அது ஆறவில்லை.