ஒரே நம்பரில் நாலு பேர்

கோவில்பட்டியில் டாக்டர் ஹரிகிருஷ்ணனின் சின்ன கிளினிக்கில் பதினோரு வருடமாக வரவேற்பு மேஜையில் இருப்பவள் கற்பகம். டாக்டர் இருக்கும் நாள் வாராவாரம் மாறும்; மெசேஜ் வந்தால்தான் கிராமத்து ஜனம் பஸ் ஏறும். அதற்காகவே அவள் தானாகவே கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல், எழுதியிருந்தாள். கிளினிக் மென்பொருள் தினமும் சாயங்காலம் எடுத்துத் தரும் பட்டியலைப் படித்து, மறுநாள் வரவேண்டியவர்களுக்கு அது மெசேஜ் அனுப்பும்.

அன்றைக்கு எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து மாடத்தி நொண்டிக்கொண்டே வந்தாள். சர்க்கரைப் புண், இரண்டு தடவை கட்டு மாற்ற வரவில்லை. கால் கட்டைவிரல் கறுத்திருந்தது.

"ஏன் பெரியம்மா வரல?"

"மெசேஜ் வரலியே தாயி. கடைக்கார வெயிலுமுத்து போனுக்கு வந்தாத்தான அவன் எங்க நாலு பேருக்கும் சொல்லுவான்? கடைக்குப் போயி தெனமும் கேட்டேன்."

டாக்டர் அவளை உடனே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

கற்பகம் ஸ்கிரிப்டைத் திறந்தாள். பார்த்தால், மென்பொருளில் புது அப்டேட் ஏறிய நாளிலிருந்து ஸ்கிரிப்ட் பாதியில் நின்றிருந்தது. ஒருவருக்கு நம்பர் காலி. அதோடு படுத்துவிட்டது, கீழே இருந்த யாருக்கும் மெசேஜ் போகவில்லை. காலியைத் தாண்டிப் போகும்படி அப்போதே திருத்தினாள். விட்டுப்போனவர்களுக்குத் தானே போன் போட்டாள். மென்பொருள் கம்பெனிக்கும் மெயில் அனுப்பினாள்.

பதில் மறுநாளே வந்தது: "வெளி ஸ்கிரிப்டுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. புகார் மூடப்பட்டது."

மூடிவிட்டார்களாம்! கோபத்தில் கற்பகத்துக்குக் காது சுட்டது. வைது எழுதியதையெல்லாம் அழித்தாள். வைதால் அதையே சாக்காக வைத்து மறுபடி மூடுவார்கள்.

நம்பர் காலியானவர்கள் எல்லாரும் இன்னொருவரோடு ஒரே போனைப் பங்கிட்டவர்கள் என்று கண்டாள். ஸ்கிரிப்ட் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிப் புதிதாக எழுதினாள். பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண். "ஒரே மொபைல் நம்பரில் இரண்டு நோயாளிகளைப் பதியுங்கள். திரையில் இருவருக்கும் நம்பர் தெரியும். பட்டியலை வெளியே எடுங்கள். முதலாமவருக்கு மட்டும் நம்பர் இருக்கும், மற்றவருக்குக் காலி. பழைய பதிப்பில் இருவருக்கும் வந்தது." பொய்ப் பேர், பொய் நம்பர் போட்ட மாதிரிப் பட்டியல்கள் இரண்டை இணைத்தாள். "காலியைக் கண்டு என் ஸ்கிரிப்ட் நின்றது என் தப்பு, திருத்திவிட்டேன். நம்பரைத் தின்றது உங்கள் மென்பொருள்" என்று முடித்தாள்.

"ஒருவருக்கு ஒரு நம்பர் என்று உங்கள் பதிவுகளைச் சரிசெய்யலாமே?" என்று கேட்டு எழுதினார்கள்.

"ஊருக்குள்ள நாலு பேருக்கு ஒரு போனுதான் இருக்குன்னா, நாலு பேரையும் போயி சரிசெய்யணுமாம்! வெளங்குமா இவிய?" என்று திரையைப் பார்த்தே கத்தினாள். "எங்கள் பதிவு சரி. அவர்களிடம் இருப்பது ஒரு போன்தான்" என்று பதில் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அடுத்த அப்டேட் வந்தது. பட்டியலில் நம்பர்கள் திரும்பியிருந்தன. கூடவே வந்த குறிப்பில் இதற்கு ஒரே வரி: "சிறு திருத்தம்."

மறுநாள் மாடத்தியும் வந்திருந்தாள். "மெசேஜ் வந்துட்டு தாயி, அதான் மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன்" என்று சிரித்தபடி பெஞ்சில் காலை நீட்டினாள். கட்டுக்குள் கட்டைவிரல் இல்லை.

உங்கள் குறை தீர்ந்ததா என்று கம்பெனியின் மெயில் கேட்டிருந்தது. கற்பகம் 'இல்லை'யை அழுத்தினாள். காரணம் எழுத ஒரு கட்டம் திறந்தது.

"ஒரு கால் விரல்" என்று எழுதி அனுப்பினாள்.