நல்ல நேரத்தில் சுழன்ற சலவை இயந்திரம்

மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குப் போகும் தெருவில் ஒரு குளக்கட்டின் கீழ் விமலேஸ்வரியின் வீடு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராய்ப் பதினெட்டு ஆண்டுகள் பணிபுரிந்தவர். எந்தத் தாளையும் மூன்று முறை வாசியாமல் கையொப்பம் இடுவதில்லை என்பது அவரைப் பற்றி ஊரார் சொல்லும் முதற் செய்தி. நாளும் கோளும் பாராமல் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை என்பது இரண்டாவது. இந்த இரண்டு குணமும் அவருக்குள் ஒன்றோடொன்று பிணங்காமல் வாழ்ந்துவந்தன. பிணங்கியது ஒரே ஒரு திங்கட்கிழமைதான்.

கணவர் குகதாசன் வயல் வரம்பில் பாரிசவாதத்தால் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் முழுதும் சோர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு மூன்று விரிப்புகள் நனையும். அவற்றைக் கிணற்றடியில் துவைத்துப் பிழிந்து உலர்த்துவது விமலேஸ்வரியின் வைகறை வழிபாடு போலவே தவறாமல் நடந்துவந்தது. கிணற்றடிப் பாசியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த பின்னர், துணி பிழியும் வேலையை இனி அந்தக் கை செய்யலாகாது என்று வைத்தியர் உறுதியாய்ச் சொல்லிவிட்டார். அந்த மாரியில் விரிப்புகள் உலரவில்லை. ஈரம் ஊறிய துணியிற் கிடந்து குகதாசனின் முதுகின் அடியில் நாணயமளவு புண் ஒன்று கண்டது. கிராமத்துத் தாதி அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது ஆழமாய்ப் போனால் பிறகு ஆளைக் காப்பாத்திறது கஷ்டம். படுக்கை காய்ஞ்சு கிடக்கோணும்,” என்றாள்.

அன்றிலிருந்து விமலேஸ்வரியின் நெஞ்சில் அச்சம் குடியேறிற்று.

கைபேசியிற் பல நாள் தேடி, ஒரு இணையக் கடையில் ஏழு கிலோ கொள்ளும், முன்புறம் கதவுள்ள சலவை இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தார். துணியைச் சுழற்றி ஏறத்தாழ உலர்ந்த பதத்தில் தரும் என்பதே அதன் பெருமை. முழு விலையையும் முன்பே செலுத்தவேண்டும். நிபந்தனைகளை அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். வாகனம் செல்லும் பாதை வரையே பொருள் வரும். பெட்டியின் வெளிப்புறம் நசுங்கியிருந்தால் ஒப்பமிடுமுன் குறித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி, ‘எர்த்’ எனும் நிலத்தொடர்புள்ள மின்செருகுவாய் ஆகியவற்றை வாங்குபவரே ஆயத்தம் செய்யவேண்டும். பொருத்துவதற்குக் கட்டணமில்லை; ஆயினும் நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் வந்து பொருத்தி, தொடரிலக்கத்தைப் பதிவுசெய்த பின்னரே உத்தரவாதம் தொடங்கும். மின்னோட்டிக்குப் பத்து ஆண்டு, ஏனைய பாகங்களுக்கு இரண்டு ஆண்டு. கடைசி வரியை அவர் சிவப்பு மையில் எழுதினார்: தொழில்நுட்பவியலாளர் வரும்வரை இயந்திரத்தை இயக்கலாகாது. இயக்கினால் உத்தரவாதமும் இல்லை, திருப்பி எடுத்தலும் இல்லை.

வெள்ளிக்கிழமை வாகனம் மதகடியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் அதற்கப்பால் வரமாட்டேன் என்றார். பக்கத்து வீட்டு ஜனார்த்தனன், வயரிங் வேலை செய்பவன், லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியை நிமிர்த்தியபடியே ஏற்றிவந்தான். விமலேஸ்வரி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, அதன் பிறகே ஒப்பமிட்டார்.

“அக்கா, பொம்பிளை பாக்கப் போனவை மாதிரியெல்லோ சுத்திச் சுத்திப் பாக்கிறியள்,” என்று சிரித்தான் அவன்.

“நீ சிரி. கறண்ட் பில் வரேக்கை நான் அழுவன்.”

“அது சுடுதண்ணி போட்டால்தான் ஏறும். பச்சைத் தண்ணியிலை விட்டால் ஒரு முறைக்குக் கால் யூனிற்றோ, அதுக்கும் கொஞ்சம் கூடவோ. அறுபது பாகைச் சூட்டிலை விட்டியள் எண்டால் ஒரு யூனிற் போகும்.”

அன்று மாலை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. தொழில்நுட்பவியலாளர் செவ்வாய்க்கிழமை வருவாராம். பஞ்சாங்கத்தைப் புரட்டிய விமலேஸ்வரியின் முகம் வாடிற்று. செவ்வாய், அதனோடு அட்டமி. வேறு நாள் கேட்டதற்கு, அடுத்த முறை வவுனியாவிலிருந்து இந்தப் பக்கம் வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். புண் இரண்டு கிழமை பொறுத்திருக்குமா? ஆனால், கணவரின் உயிர் தங்கியிருக்கும் ஒரு பொருளை அட்டமியிலே தொடங்கலாமா? திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மேல் நல்ல நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு நிமிடம் தொடக்கிவைத்தால் ‘நாள் வேலை’ என்னும் நல்ல தொடக்கச் சடங்கு முடிந்துவிடும். மறுநாள் நடப்பது அதன் தொடர்ச்சியாய் அமையும். புதுமனைக்கு முதற்கல் வைப்பதும் ஏர்ப்பூட்டுவதும் அப்படித்தானே? ஒரு நிமிடம் தொடக்கி நிறுத்துவதை எவரும் இயக்கியதாய்க் கொள்ளமாட்டார் என்று அவர் தம் மனத்துக்குத் தாமே தீர்ப்பு எழுதினார். மூன்று முறை வாசிக்கும் அவர், அந்தத் தீர்ப்பை மாத்திரம் ஒரு முறைகூட வாசிக்கவில்லை.

திங்கள் காலை இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார். கணவரின் வேட்டி ஒன்றை மஞ்சள் நீரில் நனைத்து உள்ளே வைத்தார். குழாய் இன்னும் பூட்டவில்லை என்று ஜனார்த்தனன் தயங்கினான். பிறகு, “தண்ணி இல்லாட்டியும் சுத்துற ஒண்டு இருக்கு. அதிலை விடுவம்,” என்று சுழற்றிப் பிழியும் முறைக்குத் திருகைத் திருப்பினான். பின்புறத்தில் நாலு பெரிய போல்ட்டுகள் தெரிந்தன. ஒன்று சற்று நெகிழ்ந்திருக்கக் கண்டு, நல்லது செய்வதாய் எண்ணி அதையும் இறுக்கினான்.

ஒன்பது பத்து. விமலேஸ்வரி பதிகம் ஒன்றை முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்தினார்.

முதலில் மெல்லச் சுழன்றது. பிறகு விசை ஏறிற்று. ஏறிய கணமே பெரியதொரு இடியோசை. இயந்திரம் நிலத்தை விட்டெழுந்து விழுந்தது, மீண்டும் எழுந்தது. சீமெந்துத் தரையைக் கீறிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்து உடைந்தது.

“நிப்பாட்டு! நிப்பாட்டடா!” என்று அலறினார் விமலேஸ்வரி.

உள்ளறையிலிருந்து வேறொரு குரல் கேட்டது. “பங்கருக்கை போ விமலா, பங்கருக்கை போ!” அந்த ஓசையைப் பதுங்குகுழிக் காலத்துக் குண்டோசையாய் எண்ணிய குகதாசன் இடக்கையாற் கட்டிற் சட்டத்தைப் பற்றி இறங்க முயன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தார். விமலேஸ்வரி பாய்ந்து சென்று அவரைத் தாங்கினார். முறிந்து பொருந்திய மணிக்கட்டில் நெருப்பெடுத்தது. ஜனார்த்தனன் மின்செருகியைப் பிடுங்கினான்; ஓசை அறுந்தது.

“ஒண்டுமில்லையப்பா. மெஷின்தான். ஒண்டுமில்லை,” என்று விமலேஸ்வரி அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். குகதாசன் கட்டிற் சட்டத்தைப் பற்றிய கையை நெடுநேரம் விடவில்லை.

பிறகு ஜனார்த்தனன் கையேட்டைப் புரட்டினான். படத்தைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. அந்த நாலு போல்ட்டுகளும் வாகனத்தில் ஏற்றிவரும்போது உள்ளே உள்ள உருளை ஆடாதிருக்கப் பூட்டப்பட்டவை. இயக்குமுன் கட்டாயம் கழற்றவேண்டியவை.

“அக்கா, நாளைக்கு வாற ஆளுக்கு வாயைத் திறக்காதேங்கோ. தரையைத் துடைப்பம். பொட்டையும் துடைப்பம். புதுசு மாதிரித்தானே நிக்குது.”

விமலேஸ்வரி கொப்பியை எடுத்து விரித்தார். பகல் முழுதும் அதிலிருந்த சிவப்பு மை வரி ஒன்றே கண்ணில் நின்றது. உள்ளே எது உடைந்திருக்கும்? உருளையா, மின்னோட்டியா? விற்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. மறுபடி வாங்க வழியும் இல்லை. மாலையில் புண்ணுக்கு மருந்திட்டபோது அது முன்னிலும் அகன்றிருப்பதாய்த் தோன்றியது. அது உண்மையோ அச்சத்தின் கண்ணோ, அவருக்கே தெரியவில்லை.

செவ்வாய் பதினொரு மணிக்குத் தயாபரன் என்ற தொழில்நுட்பவியலாளர் வந்தார். ஜனார்த்தனன் அமைத்திருந்த தண்ணீர்த் தொட்டியின் உயரம் பார்த்தார், நிலத்தொடர்பைச் சோதித்தார், “நல்லாய்ச் செய்திருக்கிறியள்” என்றார். ஜனார்த்தனன் கண்ணால் விமலேஸ்வரிக்குச் சைகை காட்டினான். தயாபரன் முழந்தாளிட்டுப் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வரவில்லை. விளக்கடித்துப் பார்த்தார். மீண்டும் முயன்றார்.

“கப்பிக்கல் றோட்டிலை வந்த ஆட்டமாக்கும்,” என்று ஜனார்த்தனன் அவசரமாய்ச் சொன்னான்.

“இருக்கலாம்,” என்றார் தயாபரன்.

அந்த ஒரு சொல்லில் விமலேஸ்வரிக்கு வழி திறந்தது. பேசாதிருந்தால் போதும். பழி வாகனக்காரன் மேல் போய்விடும். ஆனால் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று எவரும் பாரார். பாராமற் போனால், விரிப்புகள் குவிந்த ஒரு நாளில், மறுபடி அந்த ஓசை எழும். மறுபடி குகதாசன் கட்டிலை விட்டிறங்க முயல்வார். தாங்குவதற்குத் தாம் அருகில் இல்லாத வேளையாய் அது இருக்கும்.

“தம்பி, நேற்று நான் இதை ஓட்டினனான்.” விமலேஸ்வரி ஓரடி முன்னே வந்தார். “நாள் வேலைக்கு. இந்தப் போல்ட்டோடை. துள்ளி அடிச்சது.”

ஜனார்த்தனன் நெற்றியில் கைவைத்தான். தயாபரன் விளக்கை அணைத்துவிட்டு விமலேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு நேரமம்மா?”

“ஒரு நிமிசம் இருக்கும். எனக்கு ஒரு யுகம்.”

“பிளக்கைப் பிடுங்கினது நான்தான்,” என்றான் ஜனார்த்தனன் மெல்லிய குரலில். “ஒரு போல்ட்டை இறுக்கினதும் நான்தான்.”

“நல்ல ஆள்! கழட்டச் சொன்னதை இறுக்கினியோ?” என்றார் தயாபரன்.

வளைந்த போல்ட்டை எடுக்கக் கால் மணி பிடித்தது. துளையைச் சூழ்ந்த பின்தகடு கிழிந்திருந்தது. தயாபரன் மேல்மூடியைக் கழற்றி உள்ளே நெடுநேரம் பார்த்தார். தொங்கும் சுருள்வில்களை அழுத்தினார். பிறகு கதவைத் திறந்து, காதை அருகில் வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். விமலேஸ்வரியும் குனிந்து செவிகொடுத்தார்.

“உரசல் கேக்கேல்லை. தாங்கி உடைஞ்சால் உரசும்,” என்றார் கடைசியில். “சொன்னபடியால்தான் திறந்து பார்த்தனான். இல்லாட்டி மூடிப்போட்டுப் போயிருப்பன்.”

அவர் வெளியே நின்று நிறுவனத்தின் கிளையோடு தொலைபேசியிற் பேசினார். திரும்பிவந்து தாளில் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினார். பொருத்துமுன் இயக்கப்பட்டது. பின்தகடும் உருளையின் தாங்கியும் தொங்கல் பாகங்களும் உத்தரவாதத்தில் அடங்கா. மின்னோட்டிக்கும் மின்பலகைக்கும் மற்றப் பாகங்களுக்கும் உத்தரவாதம் உண்டு.

“உத்தரவாதமே இல்லை எண்டுதான் அவங்கள் நிண்டவங்கள். நான் பார்த்ததைச் சொன்னனான். இதுக்கு மேலை என்னாலை ஏலாது அம்மா.”

“அந்தத் தாங்கி போனால்?”

“போனால் செலவு உங்கடை. போகாமலும் இருக்கும். ஒரே விரிப்பைத் தனியப் போடாதேங்கோ, ஒரு பக்கம் சேர்ந்து ஆட்டும். ரெண்டு மூண்டாய்ப் போடுங்கோ. சத்தம் மாறினால் உடனை நிப்பாட்டுங்கோ.”

குழாய் பூட்டி, நிலமட்டம் பார்த்துக் கால்களைச் சரிசெய்து, தொடரிலக்கத்தைப் பதிவுசெய்து அவர் போனார்.

விமலேஸ்வரி முதலில் உள்ளறைக்குச் சென்றார். “இப்ப சத்தம் வரும். மெஷின்தான். நான் இஞ்சைதான் நிக்கிறன்,” என்று கணவரின் காதருகே சொன்னார். குகதாசன் இமையை மூடித் திறந்தார். மூன்று விரிப்புகளையும் இட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, இயந்திரத்துக்கும் கட்டிலுக்கும் இடையில் உள்ள வாசலிற் போய் நின்றுகொண்டார். தண்ணீர் ஏறியது; துணி புரண்டது. முக்கால் மணிக்கு மேல் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியாய் விசை ஏறத் தொடங்கியபோது கதவு நிலையை இறுகப் பற்றினார். ஓசை உயர்ந்தது. தரை இலேசாய் அதிர்ந்தது. இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது.

கதவைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் சொட்டவில்லை. அதைக் கொடியில் விரித்துவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்த பின், வெறும் உருளையைக் கையால் ஒரு முறை சுற்றிக் காது கொடுத்தார்.

இன்றைக்கும் ஒவ்வொரு சலவைக்குப் பின்னரும் அவர் அப்படிக் காது கொடுக்கிறார். குகதாசனின் புண் மூடிவிட்டது.