ஜெகதீஸ்வரி அழித்த பதில்

ஜெகதீஸ்வரி சோமசுந்தரம் (1956–2025). மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் பிறந்து, நில அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் யார் எதைக் கேட்டாலும் பதில் எழுதுபவர் அவர்தான். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) புதுப்பிப்பது, வீட்டு வரியில் தவறு நேர்ந்தால் எங்கே முறையிடுவது, அப்பாவின் திதி எந்தக் கிழமையில் வருகிறது என்று எல்லாவற்றுக்கும் அவர் பதிலைத்தான் எதிர்பார்த்தோம். பதில்கள் நீளமாக இருக்கும். பாதிப் பேர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கும்பிடும் கையைப் போட்டுவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை மோகனாவின் மகன் தனேஷ், குழுவில் மூன்று படங்களைப் போட்டான். மூன்றும் அவன் கைப்பேசியில் இருந்த மூன்று செயலிகள் காட்டிய தங்க விலை. முதலாவது உலகச் சந்தை விலை: ஓர் அவுன்சுக்கு 2,650 அமெரிக்க டாலர். இரண்டாவது, ஊரில் உள்ள நகைக்கடை ஒன்றின் செயலி: ஒரு கிராம் 374 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். மூன்றாவது, தங்கச் சேமிப்பு நிறுவனம் ஒன்றின் செயலி: உறுப்பினர்களிடமிருந்து ஒரு கிராமை 400 வெள்ளிக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அது அறிவித்திருந்தது.

தனேஷ் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். கணக்குப் போடத் தெரிந்தவன். படங்களுக்குக் கீழே எழுதியிருந்தான்: "பெரியம்மா, மூணும் மூணு ரேட் காட்டுது. நான் கால்குலேட் பண்ணேன். 2,650 பெருக்கல் டாலர் ரேட் 4.28, வகுத்தல் ஒரு அவுன்சுக்கு 28.35 கிராம். கரெக்டா 400 வருது! அப்போ கம்பெனி சொல்றதுதான் உண்மையான ரேட். நகைக்கடைதான் நம்மள ஏமாத்துதுலா."

உடனே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அந்த மூன்றாவது நிறுவனத்துக்கு முகவராக இருந்தவன் யுகேந்திரன். ஜெகதீஸ்வரி, மோகனா இருவரின் மறைந்த அண்ணனுடைய மகன். அவன் இரண்டு இதயங்களைப் போட்டான்.

ஜெகதீஸ்வரிக்கு அந்தக் கணக்கு வெறும் கணக்காகத் தெரியவில்லை. மோகனாவின் கணவர் இறந்தபின் சேமநிதியிலிருந்து வந்த அறுபதாயிரம் வெள்ளி முழுவதும் அந்த நிறுவனத்தில் இருந்தது. மோகனாவுக்கு வேறு சேமிப்பு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து ஓரிரு கிராமை விற்றுச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் ஜெகதீஸ்வரி சோற்றை மூடி வைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தார்.

அவர் எழுதியது இது:

"தனேஷ், உன் பெருக்கல் சரி, வகுத்தல் தவறு. 28.35 கிராம் என்பது மளிகைப் பொருள்களை நிறுக்கும் அவுன்சு. தங்கத்துக்கு வேறு அவுன்சு, அது 31.1035 கிராம். அந்த எண்ணால் வகுத்தால் கிராமுக்கு ஏறக்குறைய 365 வெள்ளி வரும். சுத்தத் தங்கத்தின் உலக விலை அதுதான்.

நகைக்கடை காட்டுவது 916 தங்கத்தின் விலை. ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். எஞ்சியது செம்பு முதலிய வேறு உலோகம். அந்த ஒரு கிராமில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 334 வெள்ளி. மீதி நாற்பது வெள்ளி கடையின் செலவும் லாபமும். செய்கூலி இதில் சேராது, தனி. நாம் விற்கப் போனால் கடை இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். கடை காலையில் ஒருமுறை விலை வைக்கும்; உலக விலை சந்தை நடக்கும் நேரமெல்லாம் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த இரண்டும் வேறுபடுவதில் வியப்பில்லை.

மூன்றாவது விலைக்கு என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. சந்தையில் 365 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு பொருளை நம்மிடம் 400 கொடுத்து வாங்குபவர் ஒவ்வொரு கிராமிலும் 35 வெள்ளி இழக்கிறார். அந்த இழப்பை அவர் எங்கிருந்து நிரப்புகிறார்? புதிதாகச் சேருபவர்கள் கட்டும் பணத்தைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதில் பணம் வைத்திருப்பவர்கள், கொடுக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது."

பத்து நிமிடத்தில் யுகேந்திரன் தொலைபேசியில் அழைத்தான்.

"அத்தை, என்ன காரியம் பண்ணிட்டீங்க? குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. யுகேந்திரனுக்குப் பட்டர்வொர்த்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் நால்வரை, உறவு கூடட்டும் என்று, முந்தைய வாரம்தான் குழுவில் சேர்த்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் திருநாவுக்கரசு அவர்களில் ஒருவர்.

"நான் உன்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே, யுகேன். விலையைப் பத்தித்தான் எழுதினேன்."

"அந்த வேலைதானே அத்தை நான் பார்க்கறேன்! மாப்பிள்ளை திருட்டுக் கம்பெனில இருக்கான்னு அவங்க நினைக்க மாட்டாங்களா? நானும் என் காசெல்லாம் அதுலதான் வச்சிருக்கேன். நான் என்ன பைத்தியமா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பணமும் அங்கேதான் இருந்தது.

அடுத்து மோகனா அழைத்தார்.

"அக்கா, அதை அழிச்சிடுக்கா."

"நீ படிச்சியா?"

"அவ்வளவு நீளத்தை எங்கக்கா படிக்கறது, கண்ணு வலிக்குது. பையன் அழறான். அப்பா இல்லாத பிள்ளை. நாமதானே தட்டு தூக்கிட்டு முன்னால போகணும்? நீ மூத்த அத்தை. நீயே இப்படிப் பண்ணா?"

"மோகனா, உன் பணத்துக்காகத்தான் எழுதினேன். நாளைக்கே கேட்டு எடுத்துடு."

"எடுக்கறேன், எடுக்கறேன். நிச்சயம் முடியட்டும். இப்போ அழி."

ஜெகதீஸ்வரி கைப்பேசியை மேசைமேல் வைத்தார். பிறகு எடுத்து, அந்தச் செய்தியை எல்லாருக்குமாக அழித்தார். கேள்வியைப் பதிலில்லாமல் விடுவது அவர் வழக்கமில்லை. அதனால் வேறொன்று எழுதினார்:

"தனேஷ், மூன்று விலைகளும் வெவ்வேறு முறையில் கணக்கிடப்படுபவை. முதலாவது உலகச் சந்தை விலை. இரண்டாவது நகைத் தங்கத்தின் கடை விலை. மூன்றாவது அந்த நிறுவனம் தானே நிர்ணயித்துக்கொள்ளும் விலை. ஆகவே ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டியதில்லை."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாரும் கும்பிட்டார்கள். "தேங்க்ஸ் பெரியம்மா, இப்போ கிளியர்" என்று தனேஷ் எழுதினான். தவறான வகுத்தல் திருத்தப்படாமல் மேலேயே நின்றது.

நிச்சயம் நன்றாக நடந்தது. ஜெகதீஸ்வரி முதல் தட்டைச் சுமந்து நடந்தார். பந்தியில் மோகனாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்: "பணம் கேட்டியா?"

"தீபாவளி போகட்டும்கா. சாப்பிடு."

தீபாவளியும் போனது. பலகாரத் தட்டோடு கெலுகோரில் தங்கையின் வீட்டுக்குப் போனவர் மறுபடியும் கேட்டார். மோகனா சிரித்தார்.

"நீயே குரூப்ல எழுதிட்டே, அது அவங்க விலைன்னு. தப்புன்னா தப்புன்னு எழுதியிருப்பே. நீ எழுதறவளாச்சே! நான் தனேஷ்கிட்ட சொன்னேன், பெரியம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னு. அவன் வீடு வாங்கச் சேர்த்து வச்ச பத்தாயிரத்தையும் அதுல போட்டுட்டான்."

"நான் ஒத்துக்கலை."

"அப்புறம் ஏன்கா அப்படி எழுதினே?"

அவுன்சைப் பற்றியும் முப்பத்தைந்து வெள்ளியைப் பற்றியும் ஜெகதீஸ்வரி அன்று ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். மோகனா கேட்டுக்கொண்டார். வாயால் சொல்வது அக்காவின் பயம், எழுத்தில் வருவதுதான் அக்காவின் முடிவு என்று அவர் வாழ்நாள் முழுவதும் பழகியிருந்தார். பணத்தை எடுக்கவில்லை.

ஜனவரியில் அந்தச் செயலியில் விற்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. பராமரிப்பு நடக்கிறது, பொறுத்திருங்கள் என்று அறிவிப்பு வந்தது. விலை மட்டும் நாள்தோறும் ஏறியது. உலகச் சந்தையிலும் அப்போது தங்கம் ஏறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அச்சம் எழவில்லை. திரையில் எண் பெரிதாகப் பெரிதாக மகிழ்ந்தார்கள். தைப்பூசம் முடிந்த வாரம் நிறுவனத்தின் அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே தங்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

மோகனாவைக் காவல் நிலையத்துக்கு ஜெகதீஸ்வரிதான் அழைத்துப் போனார். புகார் கொடுக்க வந்தவர்கள் வெளிவாசல்வரை நின்றார்கள். தெரிந்த முகங்கள் பல இருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து தன் நண்பர் ஒருவருக்குத் துணையாகத் திருநாவுக்கரசும் வந்திருந்தார். ஜெகதீஸ்வரியைக் கண்டதும் எழுந்து வந்து இரு கைகளாலும் கும்பிட்டார்.

"அம்மா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கு நீங்க எழுதினதை அழிக்கறதுக்கு முன்னாலயே படிச்சிட்டேன். நானும் அதுல போட்டிருந்த இருபதாயிரத்தை மறுநாளே எடுத்துட்டேன். கேட்ட உடனே கொடுத்தாங்க. நல்ல நேரத்துல சொன்னீங்க."

"யுகேன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று ஜெகதீஸ்வரி கேட்டார்.

"சம்பந்தம் பேசற நேரத்துல எப்படிம்மா சொல்றது? நீங்களே அழிச்சிட்டீங்க. சரி, வெளிய பேசக் கூடாத விசயம்னு நினைச்சிக்கிட்டேன்."

மோகனா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருநாவுக்கரசு நகர்ந்ததும் அக்காவைப் பார்த்தார்.

"பேர்கூடச் சரியாத் தெரியாத மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் கூடப் பிறந்தவளுக்குத் தெரியல."

"உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், மோகனா. நீதானே அழிக்கச் சொன்னே?"

"நான் படிக்காம சொன்னேன். நீ எழுதினவ. தெரிஞ்சும் அழிச்சியே!"

வரிசை நகர்ந்தது. புகாரை அக்கா கைப்பட எழுத வேண்டாம் என்று மோகனா சொல்லிவிட்டார். தனேஷ் வந்து எழுதும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

யுகேந்திரனின் திருமணம் நின்றது. அவன் குழுவிலிருந்து விலகினான். சம்பந்தி வீட்டார் நால்வரும் விலகினார்கள். மோகனா அறுபத்து மூன்று வயதில், கெலுகோரில் மாணவர்கள் தங்கும் வீடுகளில் துணி துவைக்கப் போனார். ஜெகதீஸ்வரி தன் ஓய்வூதியத்தில் பாதியைத் தங்கையின் கணக்கில் போட்டார். அது அப்படியே திரும்பி வந்தது. மீண்டும் போட்டார், மீண்டும் வந்தது. குழுவில் யாரோ மின்கட்டணம் பற்றிக் கேட்ட கேள்வி பதிலில்லாமல் கிடந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தேறிக் கெலுகோருக்குப் போகத் தொடங்கினார். மோகனா கதவைத் திறப்பதில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடும் ஓசை கேட்கும். ஒருமுறை தனேஷ் வெளியே வந்து, "போங்க பெரியம்மா, அம்மா இன்னும் ஆறலை. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜெகதீஸ்வரி தம் வீட்டில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே இறந்தார். மோகனா சடங்குக்கு வந்தார். உடலுக்கு அருகில் வரவில்லை.

ஜெகதீஸ்வரி தங்கையின் கதவைக் கடைசியாகத் தட்டியது 2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை.