மிளகுக்குப் போன கூடுதல் பணம்

லண்டனில் படிக்க விசா எடுப்பதென்றால், தேவையான தொகை வாப்பாவின் வங்கிக் கணக்கில் இருபத்தெட்டு நாள் ஒரு நாளும் குறையாமல் கிடக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் அதைப் பவுணாக்கிப் பார்ப்பார்கள். அதற்குள் ரூபாய் சரிந்தால் என்ன செய்வது என்று பயந்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடச் சொல்லியிருந்தேன். போட்டார்.

இருபதாம் நாள் மாத்தளையில் அவருடைய கடைக்குப் போனேன். புது மிளகு மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தன.

"இதுக்கு ஏது சல்லி வாப்பா?"

"நீ கூடப் போடச் சொன்னது சும்மாதானே கெடந்துச்சு மகள். இன்னைக்கு ரேட்டப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். தேவையானது அப்படியே இருக்கு."

அன்றைய விகிதத்துக்கு இருந்தது. நான் விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்று ரூபாய் சரிந்திருந்தது. முப்பது பவுண் குறைந்தது. நான் கத்தியது பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும். மறுநாளே மிளகை விற்று, லாபத்தோடு கணக்கில் போட்டார்.

"எடுத்ததுக்கு மேலயே போட்டாச்சு. இப்ப சரிதானே?"

சரியில்லை. அந்த இருபத்தெட்டு நாளில் கணக்கு எவ்வளவுக்கு இறங்கியது என்றுதான் பார்ப்பார்கள். இனி இருபத்தெட்டு நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்; அடுத்த பருவத்தில்தான் சேர முடியும். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன்.

வாப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு வங்கிப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இப்ப இதுல கூடுதலா இருக்குறது எவ்வளவு மகள்?"